நாவல் கட்டுரை: மையக்கருத்து எழுதச் சொன்னால் கதையாகவே வருகிறது, உதவுங்கள்

பாம்பன் பிளஸ் ஒன்

எல்லாருக்கும் வணக்கம். படித்த நாவல் ஒன்றின் மையக்கருத்தை விளக்கி நான்கு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் எடுத்தது ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’. கடலும் தூண்டிலும் எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் எளிதாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதலில் எழுதியது இப்படித் தொடங்கும்: “84 நாளாக மீன் கிடைக்காத சாந்தியாகோ என்ற கிழவர் 85ஆம் நாள் வெகுதூரம் போய் 18 அடி நீள மீனைப் பிடிக்கிறார். சுறாக்கள் அதைத் தின்றுவிடுகின்றன. எலும்புக்கூட்டோடு கரை திரும்புகிறார்.” ஐயா ஓரத்தில் சிவப்பு மையில் “இது கதை” என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மாற்றி, “இந்நாவலின் மையக்கருத்து மீனவர் வாழ்க்கை, வறுமை, முதுமை, கடல்” என்று எழுதினேன். இப்போது “இவை பேசுபொருள்கள். மையக்கருத்து எங்கே?” என்கிறார். மூன்றுக்கும் விளக்கம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, படித்தால் புரிகிறது. இந்த நாவலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் மூன்றும் ஒன்றாகத் தெரிகிறது. எப்படிப் பிரிப்பது?

தொண்டி வாசகர்

ரொம்பச் சுலபம் தம்பி. கதையைச் சுருக்கமாகச் சொல், கடைசியில் அது சொல்லும் நீதியை எழுது. அந்த நீதிதான் மையக்கருத்து. இந்த நாவலுக்கு “முயற்சி திருவினை ஆக்கும்” என்ற குறள் அப்படியே பொருந்தும். இல்லாவிட்டால் நாவலிலேயே கிழவர் வாயால் வரும் வாக்கியம் இருக்கிறதே, மனிதனை அழிக்கலாம், தோற்கடிக்க முடியாது என்று. அதை மேற்கோள் போட்டு எழுது. ஐயா டிக் போட்டுவிடுவார்.

பாம்பன் பிளஸ் ஒன்

நன்றி அண்ணா. தம்பி இல்லை, தங்கச்சி. குறள் போடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் கிழவருக்குத் திருவினை ஒன்றும் ஆகவில்லையே? எலும்புதானே மிஞ்சியது?

தங்கச்சிமடம் படகு

பாப்பா, நான் அதிகம் படித்தவன் இல்லை. இந்தக் கதையை என் மகன் படித்துச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கம் சந்தியாகு என்ற பெயர் வீதிக்கு நாலு பேருக்கு இருக்கும், அதனாலேயே காது கொடுத்துக் கேட்டேன். என் கேள்வி ஒன்றுதான். அந்த வயதில் அவர் ஏன் தனியாகப் போனார்? தென்கடலில் ஆழத்துக்குப் போகிற வள்ளத்தில் குறைந்தது இரண்டு மூன்று பேராவது இருப்போம். நம்ம மயில்மீன் வகையறாதான் அவர் பிடித்ததும் என்று மகன் சொன்னான். அது தூண்டிலில் விழுந்தால் ஒருத்தன் கயிறு பிடிக்கணும், ஒருத்தன் படகைத் திருப்பணும், கை மரத்துப்போனால் மாற்றிவிட ஆள் வேணும். தனியாகப் போனதுதான் தப்பு. சுறா மேல் பழி சொல்லக்கூடாது. அதை எழுது.

தொண்டி வாசகர்

அண்ணே, தங்கச்சி மீன்பிடிக்கும் முறை கேட்கவில்லை, கட்டுரை எழுதுகிற முறை கேட்கிறாள்.

கீழக்கரை டீச்சர்

படகுக்காரர் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நீதி.

மகளே, உன் சந்தேகம் சரியானது. குறள் முயற்சிக்குப் பலன் உண்டு என்கிறது. இந்த நாவலில் முழு முயற்சியும் நடக்கிறது, பலன் கரைக்கு வரவில்லை. குறளைத் தலைப்பில் வைத்தால் நாவலின் கடைசி இருபது பக்கத்தை மூடி வைத்துவிட்டு எழுத வேண்டியிருக்கும். நீதியைக் கையில் வைத்துக்கொண்டு நாவலுக்குள் போனால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகிறது. நாவலுக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வரவேண்டும்.

இரண்டாவது, அந்தப் புகழ்பெற்ற வாக்கியம். அதைக் கிழவர் எப்போது சொல்கிறார் என்று புத்தகத்தைத் திறந்து பார். முதல் சுறாவைக் கொன்ற பிறகு. அப்போது மீனில் பெரும்பகுதி மிச்சம் இருக்கிறது. மற்றச் சுறாக்கள் இனிமேல்தான் வரப்போகின்றன. கரைக்கு வந்து படுத்து எழுந்த பிறகு பையன் மனோலினிடம் என்ன சொல்கிறார்? அவை என்னைத் தோற்கடித்துவிட்டன, நிஜமாகவே தோற்கடித்துவிட்டன என்கிறார். பையன்தான், மீன் உன்னைத் தோற்கடிக்கவில்லையே என்கிறான். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பேசுகிறார். பாத்திரம் சொன்னது பாத்திரத்தின் அந்த நேரத்துப் பேச்சு. நாவல் சொல்வது இரண்டு பேச்சையும் சேர்த்துக் கேட்டால்தான் தெரியும். ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டினால் ஐயா மற்றதைக் காட்டிக் கேட்பார்.

இனி உன் பட்டியல். கடல், வறுமை, முதுமை என்று நிறுத்தினால் யாரும் மறுக்க முடியாது. மறுக்க முடியாததுதான் அதில் கோளாறு. முதுமையைப் பற்றி நாவல் என்ன சொல்கிறது என்று ஒரு முழு வாக்கியமாக எழுது. கிழவர் பெயரும் மீனும் அதில் வரக்கூடாது. அதே புத்தகத்தைப் படித்த இன்னொருவர் அதைப் பார்த்து “இல்லை, நான் ஒப்புக்கொள்ளவில்லை” என்று சொல்ல இடம் இருக்க வேண்டும். அப்படி ஒரு வாக்கியம் கிடைத்தால் அதை நாவலில் உனக்கு மிகவும் இடைஞ்சலான பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார். அங்கேயும் நின்றால் வைத்துக்கொள். நிற்காவிட்டால் திருத்து.

பாம்பன் பிளஸ் ஒன்

டீச்சர், முயற்சி செய்தேன்: “உடல் தளர்ந்தாலும் மனிதன் தன் தொழிலில் வைத்த மானம் தளர்வதில்லை.” இது சரியா? அப்புறம், கதையையே எழுதக்கூடாது என்றால் நான்கு பக்கத்தை எதை வைத்து நிரப்புவது?

கீழக்கரை டீச்சர்

வாக்கியம் நன்றாகவே இருக்கிறது. கதையை எழுதக்கூடாது என்று யார் சொன்னது? கதை உன் சாட்சி. சாட்சி வந்து தன் பாட்டுக்குப் பேசிவிட்டுப் போகாமல், நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சுறாச் சண்டையை எடுத்துக்கொள். “முதல் சுறாவை ஈட்டியால் குத்தினார். ஈட்டி போய்விட்டது. பிறகு கத்தியைத் துடுப்பில் கட்டிக் குத்தினார். கத்தி முறிந்தது. பிறகு தடியால் அடித்தார். கடைசியில் சுக்கான் கட்டையைப் பிடுங்கி அடித்தார்.” இது கதை. ஒவ்வொரு வாக்கியமும் ‘பிறகு’ என்று அடுத்ததைக் கூப்பிடுகிறது. இதையே இப்படி எழுதிப் பார்: “சுறா வரவரக் கிழவரின் கையிலிருக்கும் ஆயுதம் மட்டமாகிக்கொண்டே போகிறது, ஈட்டியில் தொடங்கிச் சுக்கான் கட்டை வரை. நடு இரவில் கூட்டமாக வரும்போது, சண்டையால் பயனில்லை என்பது அவருக்கே தெரிகிறது. அப்போதும் அடிக்கிறார். மீன் விற்கிற காசுக்காக மட்டும் அடித்திருந்தால் அதற்கு முன்பே கையை விட்டிருப்பார்.” நிகழ்ச்சி அதேதான். இதில் கடைசி வாக்கியம் கதையில் எங்கும் இல்லை, நீ கண்டுபிடித்துச் சொல்வது. பத்திக்கு அப்படி ஒரு வாக்கியமாவது இல்லையென்றால் கதைக்குள் வழுக்கிவிட்டாய் என்று தெரிந்துகொள்.

இதற்குப் பிறகு படகுக்காரரிடம் வருகிறேன். “ஏன் தனியாகப் போனார்” என்று அவர் கிழவரைக் கேட்கிறார். அதற்குக் கதையிலேயே பதில் இருக்கிறது. முதல் 40 நாள் பையன் கூடவே இருந்தான், மீன் கிடைக்கவில்லை என்று பெற்றோர் அவனை வேறு படகுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே கேள்வியை எழுத்தாளரிடம் கேள்: ஆள் இல்லாமல் அனுப்பிவிட்டு, பையன் இல்லையே என்று கிழவரை ஏன் திரும்பத் திரும்பப் புலம்ப வைக்கிறார்? கை மரக்கும்போதும் பையனைத்தான் நினைக்கிறார். கடலில் தனக்குத்தானே உரக்கப் பேசுகிறார், அந்தப் பழக்கம் பையன் போன பிறகு வந்திருக்கும் என்றும் நினைக்கிறார். திரும்பி வந்ததும், கடலிடமும் தன்னிடமும் பேசிக்கொண்டிருந்தவருக்கு எதிரே ஓர் ஆள் கிடைத்தது எவ்வளவு இதமாக இருக்கிறது என்று தோன்றுகிறது. மீன் பிடிக்கிற கதைக்கு இவை எதுவுமே வேண்டாம். எடுத்துவிட்டாலும் மீன் விழும், சுறா வரும். கதை நகர்வதற்குத் தேவைப்படாமல் ஒரு விஷயம் விடாமல் வந்துகொண்டிருந்தால், அங்கேதான் மையக்கருத்தைத் தேட வேண்டும்.

தேவிபட்டினம் பி.ஏ. தமிழ்

டீச்சர் சொல்லும் வழி சரி. ஆனால் ‘மானம்’, ‘தனிமை’ இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. என்னைப் பொறுத்தவரை இது எல்லை மீறுவதைப் பற்றிய நாவல். ரொம்பத் தூரம் வந்துவிட்டேன், உன்னையும் கெடுத்து என்னையும் கெடுத்துக்கொண்டேன் என்று அவரே அந்த மீனிடம் மன்னிப்புக் கேட்கிறார். மீனைச் சகோதரன் என்று கூப்பிடுகிற ஆள்! தங்கச்சி, உன் ‘மானம்’ வாக்கியத்தை இந்த மன்னிப்புக்கு முன்னால் வைத்துப் பார்த்தாயா? மானத்துக்காகப் போனவர் எதற்கு வருந்த வேண்டும்?

தொண்டி வாசகர்

அப்படியானால் குறளை மாற்றிவிடலாம். “கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது.” சின்ன மீன் நூறு பிடிப்பதைவிடப் பெரிய மீனைத் தவறவிடுவது மேல். இது பொருந்துகிறதா இல்லையா?

தேவிபட்டினம் பி.ஏ. தமிழ்

முன்னதைவிடப் பக்கத்தில் வருகிறது அண்ணா. ஆனால் குறளில் யானை தப்பிவிடுகிறது. இங்கே மீன் செத்துவிட்டது, யாருக்கும் உதவாமல். அந்த வருத்தம் குறளில் இல்லை.

கீழக்கரை டீச்சர்

அந்த வித்தியாசத்தையே ஒரு பத்தியாக எழுதலாம். குறளை முத்திரை குத்தப் பயன்படுத்தாமல் பக்கத்தில் வைத்து ஒப்பிடு. எல்லை மீறல் என்று வாதிடவும் ஆதாரம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஒரு நாவலுக்கு ஒரே மையக்கருத்துதான் என்று எங்கும் சட்டம் இல்லை. ஆனால் நான்கு பக்கக் கட்டுரைக்கு ஒன்று போதும். மூன்றையும் போட்டால் மறுபடி பட்டியலாகிவிடும்.

பாம்பன் பிளஸ் ஒன்

இன்றைக்கு அப்பாவிடம் படகு அண்ணன் சொன்னதைச் சொன்னேன். அவரும் அதையேதான் சொன்னார், ஆழத்தில் ஆள் துணைதான் பாதி பலம் என்று. ‘மானம்’ வாக்கியத்தை விட்டுவிட்டேன். அந்த மன்னிப்புப் பக்கத்தில் அது நிற்கவில்லை. புது வாக்கியம்: “தனியாகப் பெரிய வெற்றி பெறலாம், அதைத் தனியாகக் காப்பாற்ற முடியாது.” ஆதாரத்துக்குப் பையனை நினைக்கும் இடங்கள், ஆயுதம் குறைந்துகொண்டே போவது, கடைசியில் இனி சேர்ந்தே போவோம் என்று பையன் சொல்வது. சரியா டீச்சர்?

தங்கச்சிமடம் படகு

நான் சொன்னது உதவியதா பாப்பா? சந்தோஷம். எழுதி முடித்ததும் இங்கேயே போடு, மகனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

கீழக்கரை டீச்சர்

முதல் பாதி நிற்கும். “முடியாது” என்பதற்கு மட்டும் இன்னும் யோசி. பையன் படகில் இருந்திருந்தால் மீன் தப்பியிருக்கும் என்று நாவல் எங்கும் உறுதியாகச் சொல்லவில்லை. அத்தனை சுறாவுக்கு இரண்டு பேரும் போதாமல் போயிருக்கலாம். மீனைக் காப்பாற்ற ஆள் வேண்டும் என்கிறதா நாவல், அல்லது தோற்று வந்தவன் தோல்வியைச் சொல்ல ஆள் வேண்டும் என்கிறதா? இரண்டும் வேறு வேறு கட்டுரை.

தேவிபட்டினம் பி.ஏ. தமிழ்

இரண்டாவதாக இருந்தால் நானும் பாதி ஒப்புக்கொள்வேன். மீனிடம் மன்னிப்புக் கேட்ட பக்கத்துக்கு அப்போதும் பதில் வேண்டும்.

பாம்பன் பிளஸ் ஒன்

இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். கரைக்கு வந்த பிறகு வரும் பக்கங்களை மட்டும் மறுபடி படித்துவிட்டு வாக்கியத்தை மாற்றிப் போடுகிறேன். மன்னிப்புக்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்குகிறேன் அண்ணா. அந்த இடத்திலும் அவர் பேசுவதற்கு ஆள் இல்லாமல்தான் செத்த மீனோடு பேசுகிறார் என்று எழுதலாமா என்று பார்க்கிறேன்.