லோட் ஃப்ளோ கணக்கு முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்த அனுபவம் உண்டா?

மின்மாணவி:
இரண்டே பஸ். ஒன்று ஸ்லாக், வோல்டேஜ் 1.0. மற்றொன்று லோடு பஸ், P 1.0, Q 0.5. நடுவில் லைன் ரியாக்டன்ஸ் 0.1, எல்லாம் பெர் யூனிட்டில். ஒரே சமன்பாட்டில் முடியும் என்று நினைத்தேன், நடக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுத்தான் விடை வந்தது. லோடை 3.2 மடங்காக்கினால் எண்கள் எங்கெங்கோ ஓடுகின்றன. உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கிறதா?

பழைய டெஸ்பாட்சர்:
பலமுறை, அம்மா. லோடு பஸ்ஸில் நமக்குத் தெரிவது பவர் மட்டும். கரண்ட் தெரிய வோல்டேஜ் வேண்டும். வோல்டேஜ் தெரிய, லைனில் எவ்வளவு விழுகிறது என்று தெரிய வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும். அதனால் ஒரு மதிப்பை ஊகித்துத் தொடங்குகிறோம்.

```
V2 = 1 - j0.1*(1 - j0.5)/conj(V2)
```

வலப்பக்கம் 1.0 போட்டால் 0.955 வரும். அதன் கோணத்தையும் சேர்த்து மறுபடி போட்டால் 0.942, அடுத்து 0.9414. உண்மை விடை 0.9412. ஸ்லாக் பஸ்ஸின் P, Q-வை முன்கூட்டியே எழுத முடியாததற்கும் இதுதான் காரணம். உங்கள் லைனே 0.14 அளவு Q-வை விழுங்குகிறது. வோல்டேஜ் தெரிந்த பிறகுதான் அது தெரியும். அந்த மிச்சத்தைச் சுமக்க ஒரு பஸ் வேண்டும்.

கிரிட்வாசி:
கணக்கு முடியவில்லை என்றால் கிரிட் சாயப்போகிறது என்று அர்த்தம். எங்கள் ஆய்வில் கெபாசிட்டர் சேர்த்ததும் சரியாக ஓடியது.

பழைய டெஸ்பாட்சர்:
பாதி சரி, தம்பி. இவர் கணக்கில் அப்படித்தான்: இதே பவர் ஃபேக்டரில் லோடு 3.09 மடங்கைத் தாண்டினால் விடையே கிடையாது. ஆனால் பெரிய கணக்கில் ஒரு லைன் டேட்டா தப்பாக இருந்தாலும் இப்படி ஆகும். ஜெனரேட்டர் பஸ்ஸில் P-யும் வோல்டேஜும் கொடுத்திருப்போம். வோல்டேஜைப் பிடிக்கத் தேவையான Q அதன் வரம்பைத் தாண்டினால், Q-வை வரம்பிலேயே நிறுத்தி அதை லோடு பஸ் போல மாற்ற வேண்டும். சில சமயம் ஒவ்வொரு சுற்றிலும் அது மாறி மாறித் தாவி, கணக்கு முடியாமல் போகும்.

வயலோரம்:
எங்கள் ஊரில் சாயங்காலம் 170 வோல்ட்தான் வருகிறது. இதை லோட் ஃப்ளோ போட்டுச் சரிசெய்ய முடியுமா?

பழைய டெஸ்பாட்சர்:
எங்கே எவ்வளவு விழுகிறது என்று காட்டும், அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தை ஸ்லாக் என்று வைத்து, கடைசி வீடு வரை போட வேண்டும். வீட்டு லைன்களில் ரெசிஸ்டன்ஸ் அதிகம். அதை விட்டுவிட்டால் விடை தப்பாகும்.

மின்மாணவி:
3.0 மடங்கு போட்டுப் பார்த்தேன். 0.671-க்கு வந்து நின்றது, ஆனால் ரொம்ப மெதுவாக. எல்லையை நெருங்கினால் இப்படித்தானா?

பழைய டெஸ்பாட்சர்:
ஆமாம். 1.0 லோடில் ஒவ்வொரு சுற்றிலும் பிழை எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும், 3.0-ல் நான்கில் மூன்று பங்கு மிஞ்சும்.

கிரிட்வாசி:
சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்களிடம் ஒரே டேட்டா ஒரு மென்பொருளில் முடிகிறது, இன்னொன்றில் முடியவில்லை. Q வரம்பை இரண்டும் வேறு வேறு சுற்றில் பார்ப்பதாலா, அல்லது நிஜமாகவே எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறோமா?