நோட்டட் சார் போடாவிட்டால் திமிரா?

மன்னை மதில் (நேற்று வேறொரு இழையில்): "அலுவலக மின்னஞ்சலில் மேலாளர் சிசியில் இருக்கும்போது ரிப்ளை ஆல் போடாதவன் ஒன்று சோம்பேறி, இல்லையென்றால் திமிர் பிடித்தவன். 'நோட்டட் சார்' என்று இரண்டு வார்த்தை தட்டினால் விரல் தேய்ந்துவிடுமா?"

குடந்தை வெற்றிலை: விரல் தேயாது அண்ணே, என் உயிர்தான் தேய்கிறது. எங்கள் அலுவலகம் விதை நெல் விநியோகம் செய்கிறது, பெயர் வேண்டாம். சம்பா சாகுபடி நேரத்தில் தலைமையிடத்திலிருந்து எல்லாக் கிளைக்கும் ஒரு மடல்: சி.ஆர். 1009 எத்தனை மூட்டை இருக்கிறது, வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள். கேட்டது எண்ணிக்கை. வந்தது நோட்டட் சார், ஓகே சார், நன்றி சார், ஷ்யூர் சார், ஒருவர் வெறும் கட்டைவிரல் படம், எல்லாமே எல்லாருக்கும். மூட்டைக் கணக்கை ஒருவர்கூட அன்று சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் நோட் பண்ணிவிட்டார்களாம்!

மன்னை மதில்: அது பதில் சொன்னவர்களின் ஒழுக்கம் தம்பி. கீழே இருப்பவன் பார்த்தானா இல்லையா என்று மேலே இருப்பவருக்குத் தெரிய வேண்டாமா? நீ போடாமல் இருந்தாய், சரி, உன்னைப் பற்றி மேலாளர் என்ன நினைத்தார் என்று விசாரித்தாயா?

குடந்தை வெற்றிலை: மேலாளருக்குத் தெரிய வேண்டும் என்றால் மேலாளருக்கு மட்டும் போடுங்கள். நீங்கள் நோட் பண்ணியது வேதாரண்யம் கிளையில் வவுச்சர் எழுதுகிறவருக்கு எதற்கு? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், வேறெதுவும் வேண்டாம்.

திருவையாறு அசோகா: இதற்கெல்லாம் ஒரே மருந்து பிசிசி. எல்லாரையும் பிசிசியில் போட்டு அனுப்பினால் யார் ரிப்ளை ஆல் அழுத்தினாலும் அனுப்பியவருக்கு மட்டும்தான் போகும். இரண்டு நிமிட வேலை, இதற்குப் போய் அடித்துக்கொள்கிறீர்கள்.

பாபநாசம் பஸ்: எங்கள் சொந்தக்காரர் குழுவிலும் இதே தொல்லைதான். காலை ஐந்து மணிக்கே பூங்கொத்துப் படம், அதற்கு நாற்பது பேர் கைகூப்புகிறார்கள். இந்த ரிப்ளை ஆல் வாட்ஸப்பில் எங்கே இருக்கிறது, எப்படி அணைப்பது?

குடந்தை வெற்றிலை: பஸ் அண்ணே, நீங்கள் வேறு ஊர் வண்டியில் ஏறிவிட்டீர்கள். இது மின்னஞ்சல்.

கதையின் மீதியைக் கேளுங்கள், அப்புறம் மதில் அண்ணன் பேசட்டும். இந்த நோட்டட் ஊர்வலத்துக்கு நடுவில் திருத்துறைப்பூண்டி கிளையிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார்: இந்த லாட்டின் சான்று அட்டையில் செல்லுபடி 20-ஆம் தேதியோடு முடிகிறது, இனி வெளியே அனுப்ப வேண்டாம். சான்று விதைக்கு நீல அட்டை கட்டியிருக்கும், பரிசோதனைத் தேதியிலிருந்து 9 மாதம்தான் கணக்கு, அதற்குப் பிறகு மறுபடியும் முளைப்புப் பரிசோதனை செய்து 80 சதவீதம் தேறினால்தான் விற்கலாம். அவர் சொன்னது அவ்வளவு முக்கியமான விஷயம். எங்கள் கிடங்குக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. 22-ஆம் தேதி அதே லாட் லாரியில் ஒரத்தநாடு போய்விட்டது. அங்கே ஒரு விவசாயி அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு "இது என்ன தேதிங்க?" என்று கேட்க, மூட்டை முழுக்கத் திரும்பி வந்தது. போக வர லாரி வாடகை யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள், இன்னும் அதற்கு ஒரு மடல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதிலும் நோட்டட் சார்.

மன்னை மதில்: பார்த்தாயா, உன் வாயாலேயே வந்துவிட்டது! அந்த அம்மா ரிப்ளை ஆல் போட்டது சரிதானே? அதைத்தான் நானும் சொல்கிறேன். தப்பு கிடங்குக்காரர் மேல். மடலைப் படிக்காதவனை விட்டுவிட்டு, போட்டவனைத் திட்டுகிறாய்.

குடந்தை வெற்றிலை: அந்த அக்கா போட்டதில் விஷயம் இருந்தது. நீங்கள் போடுவதில் சார் மட்டும்தான் இருக்கிறது.

நாகை உப்பு: எங்கள் அலுவலகத்தில் மடல் சர்வரைப் பார்ப்பது நான்தான், அதனால் ஒரு கேள்வி. கிடங்குக்காரர் பயன்படுத்துவது அவுட்லுக்கா? அதில் Ignore என்று ஒரு பொத்தான் உண்டு. அவர் அதை அழுத்தினாரா என்று கேளுங்கள்.

குடந்தை வெற்றிலை: அவுட்லுக்தான். கேட்டுவிட்டு வருகிறேன்.

திருவையாறு அசோகா: நான் சொன்ன பிசிசியை யாருமே கண்டுகொள்ளவில்லை. போன மாதம் மேட்டூர் திறப்பு இழையிலும் இப்படித்தான், நான் முதலில் சொன்னதை மூன்று நாள் கழித்து வேறொருவர் சொன்னதும் எல்லாரும் ஆகா என்றீர்கள்.

நாகை உப்பு: அசோகா, நீங்கள் சொன்னது பாதி சரி. அறிவிப்பு மடலுக்கு பிசிசி நல்லது. விடுமுறை, மின்தடை, கூட்டம் ரத்து, இதற்கெல்லாம் அதுதான் வழி. ஆனால் பிசிசியில் இருப்பவர் ஒருவர் தெரியாமல் ரிப்ளை ஆல் அழுத்தினால் அது டூ, சிசியில் இருக்கும் எல்லாருக்கும் போகும், இவரும் ஒளிந்து படித்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவர் மாட்டிக்கொண்டு, இரண்டு பிரிவுகளுக்கு இடையே இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. இன்னொன்று, கிளைகள் ஒருவர் இருப்பை ஒருவர் பார்த்துப் பகிர்ந்துகொள்ள வேண்டிய இடத்தில் பிசிசி போட்டால் யார் யாரிடம் கேட்பது?

திருவையாறு அசோகா: பாதி சரி என்றால் மீதியும் சரியாகத்தான் இருக்கும்.

குடந்தை வெற்றிலை: கேட்டேன். அழுத்தியிருக்கிறார். "தம்பி, சார் சார் என்று வந்து விழுந்துகொண்டே இருந்தது, அந்தப் பொத்தானை அழுத்தினேன், நின்றுபோச்சு, நிம்மதி" என்றார்.

நாகை உப்பு: அதேதான். Ignore என்றால் அந்த உரையாடலில் இதுவரை வந்ததும், இனி வரப்போவதும் எல்லாம் நேரே Deleted Items-க்குப் போகும். சத்தம் மட்டும் நிற்பதாக அவர் நினைத்திருப்பார். திருத்துறைப்பூண்டி மடலும் வந்தவுடன் குப்பைக்குப் போயிருக்கும். Deleted Items-ஐத் திறந்து அந்த உரையாடலைத் தேர்ந்தெடுத்து, அதே Ignore பொத்தானை மறுபடி அழுத்தச் சொல்லுங்கள், Stop Ignoring Conversation என்று கேட்கும்.

அந்த அம்மா செய்திருக்க வேண்டியது வேறு. பழைய மடலுக்குப் பதிலாகப் போடாமல், 'லாட்டை நிறுத்தவும்' என்று தலைப்புப் போட்டுப் புதிதாக ஒரு மடல் எழுதியிருந்தால் அது தனி உரையாடல், Ignore அதைத் தொடாது. கிடங்கு, லாரி அனுப்புகிறவர், அதே லாட் வைத்திருக்கும் கிளைகள் டூவில். மேலாளர் சிசியில். மற்ற யாருக்கும் வேண்டாம்.

மன்னை மதில்: ஆக, குற்றம் பொத்தான் மேல். ரிப்ளை ஆல் மேல் இல்லை. மேலாளர் சிசியில் இருந்தால் அவரை விடலாமா என்றுதான் நான் முதலில் கேட்டேன், அதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

குடந்தை வெற்றிலை: அந்தப் பொத்தானை அவர் ஏன் அழுத்தினார்? உங்களைப் போன்றவர்களால்! மழை பெய்யாமலா குடை பிடித்தார்? மேலாளரை விடச் சொல்லவில்லை, மற்ற அறுபது பேரை விடச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான். அனுப்புவதற்கு முன் டூ, சிசியில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். என் பதிலைப் படித்தபின் இவர் எதையாவது மாற்றிச் செய்வாரா? மூட்டை எண்ணிக்கை என்றால் தொகுக்கும் எழுத்தர் ஒருவர் மட்டும்தான் கட்டத்தில் எண்ணை நிரப்புவார், அவருக்கு மட்டும் போதும். லாட் காலாவதி என்றால் கிடங்குக்காரர் மூட்டையை ஓரம் கட்டுவார், லாரிக்காரரை நிறுத்துவார்கள், அவர்களுக்கு வேண்டும். நோட்டட் சார் என்றால் யார் என்ன செய்யப்போகிறார்கள்? ஒருவரும் ஒன்றும் செய்யப்போவதில்லை. அப்போது யாருக்கும் போடாதீர்கள்.

மன்னை மதில்: மேலாளர் பார்த்துத் திருப்திப்படுவார். அதுவும் ஒரு வேலைதான். நான் அந்தக் காலத்தில் தந்தி பார்த்தவன், தந்திக்கே பதில் போடுவோம்.

குடந்தை வெற்றிலை: தந்தியில் வார்த்தைக்குக் காசு அண்ணே. காசு கொடுத்து நோட்டட் சார் போட்டிருப்பீர்களா?

நாகை உப்பு: மதில் அண்ணன் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. மேலாளரே "கிடைத்ததை உறுதி செய்யவும்" என்று எழுதியிருந்தால் உறுதி செய்யத்தான் வேண்டும், ஆனால் அவருக்கு மட்டும். உண்மையில் பாதித் தவறு கேட்டவருடையது. முதல் வரியிலேயே 'பதில் எனக்கு மட்டும்' என்று எழுதி, டூவில் தன் பெயரையே போட்டுக் கிளைகளை பிசிசியில் வைத்திருந்தால் இந்தக் கூத்து தொடங்கியிருக்காது.

திருவையாறு அசோகா: அதாவது பிசிசி!! நன்றி, வணக்கம்.

குடந்தை வெற்றிலை: அதைச் செய்ய எங்கள் தலைமையிடத்துக்கு யார் சொல்வது? சொன்னால் அதற்கும் எல்லாருக்கும் நோட்டட் வரும். இதை சர்வரிலேயே தடுக்க முடியாதா உப்பு?

நாகை உப்பு: பெரிய இடங்களுக்கு உண்டு. 2020-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அப்போது 5000 பேருக்கு மேல் போகும் ஒரு மடலுக்கு ஒரு மணி நேரத்தில் 10 ரிப்ளை ஆல் வந்தால், அடுத்து வருவதை 4 மணி நேரம் தடுத்தது. 1997-ல் அவர்கள் அலுவலகத்திலேயே இப்படி ஒரு புயல் அடித்து மடல் சர்வர் திணறிப்போனது, அதனால் பட்டறிவு. ஆனால் உங்கள் அறுபது பேர் மடலுக்கு அந்த வேலி அசையாது.

இன்னொன்றையும் பாருங்கள். கிளைகளுக்கு ஒரு குழு முகவரி வைத்திருக்கிறீர்களா? சில குழுக்களில் பதில் போகும் இடமாகக் குழு முகவரியையே அமைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் பாவம், ஒருவர் ஒழுங்காக ரிப்ளை மட்டும் அழுத்தினாலும் அது எல்லாருக்கும்தான் போகும்.

மன்னை மதில்: ஆகா! அப்போது எத்தனை பேர் அறியாமல் அனுப்பினார்களோ. அவர்களையெல்லாம் இந்தக் கும்பகோணத்துக்காரர் திட்டித் தீர்த்திருக்கிறார். முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்கட்டும்.

குடந்தை வெற்றிலை: எங்கள் மடலில் அறுபது பேர் பெயரும் தனித்தனியாக இருந்தது, குழு முகவரி இல்லை. நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? கும்பகோணம் என்று ஊரை எதற்கு இழுக்கிறீர்கள்? மன்னார்குடிக்காரர்கள் எத்தனை பேர் அந்த மடலில் நோட்டட் போட்டார்கள் என்று எண்ணிப் பட்டியல் போடட்டுமா?

மன்னை மதில்: போடு. எல்லாருக்கும் தெரியட்டும், எங்கள் ஊர்க்காரன் மரியாதை தெரிந்தவன்.

திருவையாறு அசோகா: ஊர்ச் சண்டை வேண்டாம் ஐயா. உப்பு, எங்கள் அலுவலகக் குழுவில் பதில் யாருக்குப் போகிறது என்று அனுப்பும் முன்பே எப்படிப் பார்ப்பது?

நாகை உப்பு: ரிப்ளை அழுத்தியதும் டூ கட்டத்தில் ஆள் பெயர் வருகிறதா, குழு முகவரி வருகிறதா என்று பாருங்கள். குழு முகவரி வந்தால் அதை அழித்துவிட்டு ஆளின் முகவரியைப் போடுங்கள்.

மன்னை மதில்: மேலாளர் சிசியில் இருந்தால்?

குடந்தை வெற்றிலை: மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

பாபநாசம் பஸ்: நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சித்தப்பா பையன் இப்போது கைகூப்பும் பிள்ளையார் ஒன்று அனுப்பியிருக்கிறான், அது அசைகிறது வேறு.