எங்கள் குடும்பம் குழு: பிறப்புச் சான்றிதழுக்கு அப்போஸ்டில்

நித்யா: அனைவருக்கும் வணக்கம். கார்த்திக்கின் திருமணப் பதிவுக்காகப் பிரான்சில் அவனுடைய பிறப்புச் சான்றிதழைக் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் இருப்பது பழைய சான்றிதழ். முழுவதும் தமிழில், கையால் எழுதப்பட்டது. அதை இங்கேயே பிரெஞ்சில் மொழிபெயர்க்கச் செய்து, மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழிக்குக் கீழே நோட்டரியின் கையொப்பமும் முத்திரையும் வாங்கிவிட்டேன். இனி, ஆவணம் வெளிநாட்டில் செல்வதற்காக நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் சான்றான அப்போஸ்டில் மட்டும்தான் பாக்கி என்று நினைக்கிறேன். மொழிபெயர்ப்பை மட்டும் கொடுத்தால் போதுமா, மூலச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா?

இராமலிங்கம் பெரியப்பா: மூலத்தைக் கையை விட்டு அனுப்பாதே, அம்மா. ஒரு நகல் எடுத்து, மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்த்ததாக நோட்டரியிடம் சான்று வாங்கி, அதை மொழிபெயர்ப்புடன் சேர்த்துத் தைத்துக் கொடு. அப்போஸ்டில் ஒட்டிவிட்டால், ஆவணத்தில் உள்ளது உண்மை என்று வெளியுறவு அமைச்சகமே ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

சுமதி அத்தை: அண்ணா, மூலத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வது சரிதான், ஆனால் அப்போஸ்டில் அப்படி எதையும் சொல்வதில்லை. அதில் எண்ணிட்ட பத்து வரிகள் இருக்கும். இரண்டாவது வரியில் ஆவணத்தில் கையெழுத்திட்டவர் யார் என்பதும், மூன்றாவதில் அவர் எந்தப் பதவியில் இருந்து கையெழுத்திட்டார் என்பதும், நான்காவதில் யாருடைய முத்திரை என்பதும் இருக்கும். அந்தக் கையெழுத்தும் பதவியும் முத்திரையும் மெய்யானவை என்பதற்கு மேல் அது ஒரு சொல்லும் சொல்லாது. நீங்கள் சொல்லும் வழியில் போனால் இரண்டாவது வரியில் நோட்டரியின் பெயர்தான் வரும். சான்றிதழைக் கொடுத்த பிறப்புப் பதிவாளரின் பெயர் எங்குமே வராது. பிரான்சில் அதைப் படிக்கும் அலுவலர், ஏதோ ஒரு தாளை ஒரு நோட்டரி பார்த்திருக்கிறார் என்று மட்டும்தான் புரிந்துகொள்வார்.

தேவி: அத்தை, எனக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தால் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள் என்று தோழி சொன்னாள். அப்போஸ்டில் ஒன்று வாங்கி வைத்தால் ஐரோப்பா முழுவதற்கும் செல்லும் அல்லவா? நித்யா அக்காவுடன் சேர்த்து என்னுடையதையும் கொடுத்துவிடலாமா?

சுமதி அத்தை: வேண்டாம், தேவி. அப்போஸ்டில் முறையை ஏற்படுத்திய 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஜெர்மனி நம் நாட்டின் சேர்க்கைக்கு ஆட்சேபம் தெரிவித்தது. இரண்டு நாடுகளும் உறுப்பினர்கள்தான் என்றாலும், ஆட்சேபம் இருக்கும் வரை அவற்றுக்கிடையே அப்போஸ்டில் செல்லாது. ஜெர்மனிக்கு எந்த ஆவணம் எப்படி வேண்டும் என்பதை, அதைக் கேட்கும் அலுவலகத்திடமிருந்து எழுத்தில் வாங்கிய பிறகு பார்க்கலாம்.

பிரகாஷ் மாமா: நான் அமீரகத்துக்குப் போனபோது பட்டச் சான்றிதழை முதலில் மாநில அரசிடமும், பிறகு வெளியுறவு அமைச்சகத்திடமும், அதன் பிறகு அவர்களுடைய தூதரகத்திலும், கடைசியாக அங்கே போய் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகத்திலும் காட்டி முத்திரை வாங்கினேன். நித்யாவும் பிரெஞ்சுத் தூதரகத்துக்கு நேரம் வாங்கி வைப்பது நல்லது.

சுமதி அத்தை: அமீரகம் அந்த உடன்படிக்கையில் சேராததால்தான் உங்களுக்கு அத்தனை படிகள் தேவைப்பட்டன. ஒவ்வோர் அலுவலகமும் தனக்கு முந்தைய அலுவலகத்தின் கையெழுத்தை மட்டும் அறிந்து சான்றளிக்கும். அப்படியே தூதரகம் வரை போகும். பிரான்சும் இந்தியாவும் உறுப்பினர்கள், இடையில் ஆட்சேபமும் இல்லை என்பதால், அப்போஸ்டிலோடு அந்தச் சங்கிலி முடிந்துவிடும். தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை.

கார்த்திக்: இங்கே திருமணப் பதிவு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை இப்போதுதான் மறுபடியும் நிதானமாகப் படித்தேன். அப்போஸ்டில் பெற்ற பிறப்புச் சான்றிதழையும், பிரெஞ்சு நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளர் செய்த மொழிபெயர்ப்பையும் கேட்டிருக்கிறார்கள். அப்படியானால் அக்கா செய்து வைத்த மொழிபெயர்ப்பு பயன்படாதா?

சுமதி அத்தை: உன் கடிதப்படி பார்த்தால் அதைத் தாக்கல் செய்ய முடியாது. அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பட்டியலிட்ட மொழிபெயர்ப்பாளரின் முத்திரையை அந்த நாட்டு அலுவலகம் நேரடியாகவே ஏற்கும். அதற்கு நோட்டரியோ அப்போஸ்டிலோ வேண்டாம். இங்கே செய்த மொழிபெயர்ப்பு தனி மனிதர் ஒருவர் எழுதிய தாள். அதை ஏற்றுக்கொள்ளும் நாடுகளும் உண்டு. அங்கே அனுப்புவதென்றால், மொழிபெயர்ப்பாளர் நோட்டரி முன்னிலையில் உறுதிமொழி தந்து, நோட்டரியின் கையெழுத்தை மாநில அரசின் அலுவலகம் சான்றளித்து, அதன் மேல் அப்போஸ்டில் வாங்க வேண்டும். அது மொழிபெயர்ப்பின் கீழே உள்ள நோட்டரியின் கையெழுத்துக்கான அப்போஸ்டில். மூலச் சான்றிதழுக்குத் தனியாக இன்னொன்று வாங்கத்தான் வேண்டும்.

நித்யா: அப்படியானால் பழைய சான்றிதழையே அப்போஸ்டிலுக்குக் கொடுத்துவிடட்டுமா?

சுமதி அத்தை: கொடுக்காதே. சான்றிதழில் உள்ள கையெழுத்தைத் தம்மிடம் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுத்தான் மாநில அரசில் சான்றளிப்பார்கள். எப்போதோ ஓய்வு பெற்ற பதிவாளரின் கையெழுத்துக்கு மாதிரி கிடைக்காமல், ஆவணம் திரும்பி வருவது வழக்கமாக நடக்கிறது. பதிவாளர் அலுவலகத்தில் அதே பதிவுக்குப் புதிய சான்றிதழ் வாங்கு; இப்போது பணியில் இருப்பவர் கையெழுத்திடுவார். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது. பழையது அண்ணா விரும்பியபடி வீட்டிலேயே இருக்கட்டும். புதியதை மட்டும் லேமினேஷன் செய்துவிடாதே. பின்பக்கத்தில் அப்போஸ்டில் ஒட்ட இடம் வேண்டும்.

இராமலிங்கம் பெரியப்பா: புதிய சான்றிதழ் என்றால் கவலையில்லை. ஆனால் மொழிபெயர்ப்பை முதலில் முடித்து, எல்லாவற்றுக்கும் கடைசியாக அப்போஸ்டில் வாங்குவதுதான் முறை என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

சுமதி அத்தை: மொழிபெயர்ப்புக்கே அப்போஸ்டில் வாங்கும்போது நீங்கள் சொல்வதுதான் முறை. இவனுக்கு வரிசை மாறும். முதலில் சான்றிதழுக்கு அப்போஸ்டில், அதன் பிறகு மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பாளர் கையில் இருக்கும் தாளை முழுமையாகப் பெயர்க்க வேண்டும். பின்பக்கத்தில் ஒட்டிய அப்போஸ்டிலும் அந்தத் தாளின் பகுதிதான். முன்பக்கத்தை மட்டும் பெயர்த்துவிட்டுப் பிறகு அப்போஸ்டில் ஒட்டினால், மொழிபெயர்ப்பில் இல்லாத ஒன்று மூலத்தில் இருக்கும். கண்டிப்பான அலுவலர் அதைக் காட்டியே திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே கார்த்திக், மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு பக்கங்களையும் அனுப்பு. கூடவே கடவுச்சீட்டின் நகலையும் அனுப்பு. உன் பெயரையும் அப்பாவின் பெயரையும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளிலேயே அவர் எழுதினால், இரண்டு ஆவணங்களும் ஒருவருடையவைதானா என்ற கேள்வி எழாது.

தேவி: அப்போஸ்டிலுக்குக் காலாவதி உண்டா, அத்தை? என் தோழி ஆறு மாதம் என்கிறாள்.

சுமதி அத்தை: உடன்படிக்கை அப்போஸ்டிலுக்குக் காலவரம்பு எதையும் வைக்கவில்லை. ஆவணம் எப்போது வழங்கப்பட்டது என்பதற்குப் பெறும் அலுவலகம் வரம்பு வைத்திருக்கலாம். அந்த வரம்பைத்தான் உன் தோழி சொல்லியிருப்பாள். புதிய சான்றிதழுக்கு மனு போடும் முன், கார்த்திக் அதையும் கேட்டுவிட வேண்டும்.

கார்த்திக்: இன்றே எழுதிக் கேட்கிறேன். அப்போஸ்டில் வரிகளில் ஆங்கிலமும் இருக்குமே, அதைப் பெயர்க்காமலேயே ஏற்பார்களா என்றும் சேர்த்துக் கேட்கட்டுமா?

சுமதி அத்தை: கேள். ஓர் அலுவலகம் ஏற்கிறது, இன்னொன்று ஏற்பதில்லை. பதில் எழுத்தில் வந்த பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் போ.

நித்யா: நான் நாளை பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறேன். பெரியப்பா, பழைய சான்றிதழில் உள்ள பதிவு எண்ணின் கடைசி இலக்கம் எனக்கு ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. படம் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

இராமலிங்கம் பெரியப்பா: ஏழு போலத்தான் இருக்கிறது, அம்மா. ஆனாலும் பிறந்த தேதியையும் மருத்துவமனையின் பெயரையும் சொல்லி, பதிவேட்டிலேயே சரிபார்க்கச் சொல்.