வயித்துல கோடு தெரிய மாட்டேங்குது, வேற என்ன எக்சர்சைஸ் போடலாம்?

மாட்டுத்தாவணி மாப்ள:
கொஞ்ச மாசமா தினமும் க்ரஞ்ச், ப்ளாங்க், லெக் ரெய்ஸ் எல்லாம் விடாம போடுறேன். அமுக்கிப் பார்த்தா உள்ள கல்லு மாதிரி இறுகி இருக்கு. கண்ணாடில பார்த்தா அதே தொப்பை. தை மாசம் அக்கா கல்யாணம், அதுக்குள்ள சிக்ஸ் பேக் தெரியணும். எதைச் சேர்க்கணும்? சீக்கிரம் சொல்லுங்க.

பசுமலை குமரன்:
உயரம், எடை, தொப்புள் சுத்தளவு, கழுத்துச் சுத்தளவு, சாப்பாடு எதுவுமே சொல்லலையே தம்பி. அது தெரியாம எப்படிச் சொல்றது?

செல்லூர் சிங்கம்:
வேர்வை பத்தல பங்காளி. வயித்துல பிளாஸ்டிக் கவரைச் சுத்தி, மேல பெல்ட் போட்டு ரேஸ்கோர்ஸ் கிரவுண்டுல ஓடு. நான் ஒரே காலைல ஒரு கிலோ இறக்கியிருக்கேன்.

தல்லாகுளம் ரவி:
வாரத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. பழைய இழைகளைப் படிச்சுட்டு வந்தா என்ன? வயித்துக்கு எக்சர்சைஸே தேவையில்லை. அரிசியை நிறுத்து, கேழ்வரகுக்கு மாறு, அவ்வளவுதான்.

திருநகர் ராஜி:
எனக்கும் இதே பிரச்சனைதான். சிசேரியனுக்கு அப்புறம் தொப்பை போகவே இல்லை. க்ரஞ்ச் போட்டா நடுவுல மேடு மாதிரி எழும்புது. இன்னும் அதிகமா போடணுமா?

பசுமலை குமரன்:
ராஜிம்மா, உங்க விஷயம் வேற. மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கும்போது நடுக்கோட்டுல மேடு எழும்புதுன்னா, ரெண்டு பக்கத் தசையும் விலகி இருக்கலாம். க்ரஞ்சை இப்போதைக்கு நிறுத்திட்டு ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட காட்டுங்க.

சிங்கம், அந்த ஒரு கிலோ முழுக்கத் தண்ணி. ரெண்டு சொம்பு குடிச்சா திரும்ப வந்துரும். நம்ம ஊர் வெயில்ல கவரைச் சுத்திக்கிட்டு ஓடினா மயக்கம்தான் வரும்.

மாட்டுத்தாவணி மாப்ள:
170 செ.மீ, 74 கிலோ. தொப்புள்கிட்ட 92 செ.மீ, கழுத்து 37. காலைல இட்லி, மதியம் மெஸ் சாப்பாடு. ராத்திரி பெரும்பாலும் ஃப்ரெண்ட்ஸோட பரோட்டா சால்னா.

பசுமலை குமரன்:
இப்பச் சொல்லலாம். இந்த அளவுகளை வச்சு அமெரிக்கக் கடற்படைக் கணக்குல போட்டா, உடம்புக் கொழுப்பு சுமார் 24 சதவீதம் வருது. டேப் கணக்கு, மூணு நாலு சதவீதம் முன்னப்பின்ன இருக்கும். ஆம்பளைகளுக்குப் பேக் தெளிவாத் தெரியறது பெரும்பாலும் 10-12க்கு வந்தாத்தான். தொப்புள் பக்கத்துல ரெண்டு விரலால தோலைக் கிள்ளிப் பாருங்க. விரலுக்கு நடுவுல தடிமனா மாட்டுதே, அதுதான் தசையை மறைக்குது. தசை கீழ நல்லாவே இருக்கு.

க்ரஞ்ச் போட்டா அந்தக் கொழுப்பைப் பக்கத்துத் தசை நேரா எடுத்து எரிக்காது. அட்ரினலின் மாதிரி ஹார்மோன் ரத்தத்துல வந்து தூண்டும்போது, உடம்பு முழுக்க இருக்கற கொழுப்பு செல்கள் கொழுப்பை ரத்தத்துல விடுது. வேலை செய்யற தசை அங்கிருந்து எடுத்துக்குது. எந்த இடம் முதல்ல இளைக்கும்ங்கறது பரம்பரை. நம்மளுக்கு அடிவயிறுதான் பெரும்பாலும் கடைசி. 1971ல டென்னிஸ் ஆடறவங்க கைகளை அளந்தாங்க. ஆடற கைல தசை பெரிசு, ஆனா தோலுக்கடியில கொழுப்பு ரெண்டு கைலயும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

அண்ணாநகர் வினோத்:
2023ல வந்த ஒரு ஆய்வுல, வயித்துத் தசைக்கு நீண்ட நேரம் வேலை கொடுத்தவங்களுக்கு நடு உடம்புல கொஞ்சம் கூடுதலாக் குறைஞ்சதாப் போட்டிருந்தாங்களே?

பசுமலை குமரன்:
படிச்சேன். ரொம்ப சின்ன ஆய்வு, இன்னும் நிறைய பேர் செஞ்சு பார்க்கணும். அது உண்மையாவே இருந்தாலும் தம்பிக்கு இருக்கற தூரத்தைக் கடக்க அது பத்தாது.

கணக்கைப் பாருங்க. 74ல 18 கிலோ கொழுப்பு, மீதி 56. அந்த 56ஐக் காப்பாத்தி 12 சதவீதத்துக்கு வந்தா எடை 64 கிட்ட. பத்து கிலோ போகணும். தினம் 500 கலோரி குறைச்சா வாரத்துக்கு அரை கிலோ, அப்ப இருபது வாரம். தைக்கு இன்னும் பன்னெண்டு வாரம்தான் இருக்கு. 68க்கு வரலாம், மேல் ரெண்டு கட்டி லேசாத் தெரியலாம். அடிவயிறு நடக்காது.

ஒரு பரோட்டா எண்ணெயோட 250-300 கலோரி. நூறு க்ரஞ்ச் போட்டாலும் எரியறது இருபது, முப்பதுதான். வயித்துப் பயிற்சியை நிறுத்த வேண்டாம், ரவி சொல்றது அதுல தப்பு. தசை தடிமனா இருந்தா கொஞ்சம் கொழுப்பு இருக்கும்போதே கோடு விழும். ஆனா தினமும் வேண்டாம். வாரம் மூணு நாள், எடை சேர்த்து 10-15 தடவைல திணறுற மாதிரி போடுங்க. ஸ்க்வாட், புல்-அப்பும் வேணும், முட்டையோ கோழியோ பருப்போ கூட்டணும். இல்லைன்னா கொழுப்போட தசையும் போயிரும்.

தல்லாகுளம் ரவி:
அரிசியை விட்டாலே குறையும். நான் பார்த்தவரைக்கும் அதுதான்.

அண்ணாநகர் வினோத்:
அரிசியை விட்டுக் கேழ்வரகுக் களியை அதே அளவு கலோரிக்குச் சாப்பிட்டா எடை எப்படிண்ணே குறையும்?

தல்லாகுளம் ரவி:
களி சீக்கிரம் வயிறு நிறைக்கும், தானா அளவு குறையும். சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் பேசுங்க.

மாட்டுத்தாவணி மாப்ள:
கல்யாணம் முடிஞ்சுது. எடை 69, தொப்புள்கிட்ட 87. வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்தா மேல ரெண்டு கட்டி தெரியுது, கீழ இல்லை. பரோட்டா வாரத்துக்கு ஒரு நாள்தான். நன்றிண்ணே.

பசுமலை குமரன்:
நல்லது தம்பி. ஸ்க்வாட்ல தூக்கற எடை குறைஞ்சுதா, அப்படியே நின்னுதா? அதைச் சொன்னா போனது கொழுப்பா, தசையும் சேர்த்தான்னு பார்க்கலாம்.