கான் அடைத்த போட்டோவும் சின்ன முறைப்பாட்டுக் கடிதமும்

கல்லடி டீச்சர்
பக்கத்து ஒழுங்கைத் தங்கச்சி ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறா. வீதியோரக் கான் அடைத்துக் கிடக்கு. மூடியிருந்த சிலாப் ஒன்று உடைந்து உள்ளே சரிந்திருக்கு, அதற்குப் பின்னால் கறுப்புத் தண்ணீர் தேங்கி நிற்குது. குரும்பைக் கோம்பை, பொலித்தீன், ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல் எல்லாம் மிதக்குது. மாநகர சபைக்கு ஒரு கடிதம் எழுதித் தரக் கேட்டா. நான் எழுதியது ஒன்றரைப் பக்கம் வந்துவிட்டது: நுளம்பு, டெங்கு, பள்ளிப் பிள்ளைகள், வரி கட்டுகிறோம் என்பது வரை. எதை வைப்பது, எதை வெட்டுவது?

ஓய்வுபெற்ற ஓவசியர்
டீச்சர், அந்தக் கடிதம் ஆணையாளரின் மேசையிலிருந்து வேலைப் பகுதிக்குத்தான் இறங்கும். அங்கே இருப்பவர் பார்ப்பது மூன்று விடயம்: எந்த இடம், எத்தனை ஆள், என்ன வாகனம். வரியும் டெங்கும் அந்த மூன்றுக்கும் விடை சொல்லாது, அவற்றை வெட்டுங்கள்.

போட்டோவில் உள்ளதை அப்படியே எழுதுங்கள். சிலாப் உள்ளே விழுந்திருப்பது மிக முக்கியம். மண்வெட்டியோடு இரண்டு பேரை அனுப்பினால் அவர்களால் அதைத் தூக்க முடியாது, சுற்றியுள்ள மண்ணை மட்டும் வழித்துவிட்டுப் போவார்கள், அடுத்த மழைக்கு அதே இடம் அடைக்கும். சிலாப் விழுந்ததைக் கடிதம் சொன்னால் அலவாங்கும் கூடுதல் ஆளும் வரும்.

போட்டோ காட்டாதவற்றைத் தங்கச்சியிடம் கேட்டு எடுங்கள். முதலில் அருகிலுள்ள மின்கம்பத்து இலக்கம். வீட்டு இலக்கம் பல ஒழுங்கைகளில் ஒழுங்காக இல்லை, கம்பம் இடம் மாறாது. அடுத்து, அடைத்த நீளம். தண்ணீர் தேங்கத் தொடங்கும் இடத்திலிருந்து சிலாப் வரைக்கும் எட்டு வைத்து எண்ணச் சொல்லுங்கள், ஒரு எட்டு இரண்டரை அடி. பிறகு மண்ணின் உயரம்: ஒரு கம்பைக் கொங்கிறீற்றில் முட்டும் வரை குத்தி இழுத்தால் சேறு ஒட்டிய அடையாளம் தெரியும். அகலத்துக்கு அளவு நாடா வேண்டாம். அந்த ஒன்றரை லீற்றர் போத்தல் ஏறக்குறைய ஒரு அடி நீளம், போட்டோவில் கானின் குறுக்கே இரண்டு போத்தல் கிடக்கும் இடம் தெரியுது. ஆகவே இரண்டு அடி.

ஏறாவூர் றிஸ்வான்
எனக்குத் தெரிந்தவரை இது மாநகர சபையின் வேலையே இல்லை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை என்று பெயரிலேயே வடிகால் இருக்கே. அவர்களுக்கு எழுதினால்தான் சரி.

ஓய்வுபெற்ற ஓவசியர்
தம்பி, பெயரில் உள்ள வடிகாலமைப்பு கழிவுநீர்க் குழாய்களைக் குறிக்கும். வீதியோர மழைநீர்க் கான் வீதி யாருடையதோ அவர்களுடையது. ஒழுங்கை என்றால் உள்ளூராட்சி சபை, பெரிய ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. ஆனால் நீங்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கு. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சிலாப்புக்கு ஒரு முழம் முன்னால், தண்ணீர் வரும் பக்கத்தில், ஒரு நீர்க்குழாய் கானைக் குறுக்கறுத்துப் போகுது, அதில்தான் பொலித்தீன் மாலை போலத் தொங்குது. குழாயைத் தாழ்த்தவோ உயர்த்தவோ அந்தச் சபைதான் வரவேணும். முதற் கடிதத்தில் குழாய் இருப்பதை ஒரு வரியில் சொல்லுங்கள், மாற்றக் கேட்க வேண்டாம். இரண்டு காரியாலயத்தை ஒரே கடிதத்தில் இழுத்தால் ஒன்று மற்றதைப் பார்த்துக்கொண்டு இருக்கும்.

மருதமுனை வாசகி
எங்கட வீட்டுக்கு முன்னால் பக்கத்து வீட்டார் கானுக்கு மேலே மதில் கட்டிவிட்டார்கள். அதையும் இதே மாதிரி எழுதலாமா?

ஓய்வுபெற்ற ஓவசியர்
அது வேறு, தங்கச்சி. அங்கே கேள்வி அத்துமீறிய கட்டடம், அளந்து பார்க்க வேண்டி வரும். இதோடு கலக்காமல் தனியாகக் கேளுங்கள்.

டீச்சர், தங்கச்சியிடம் இன்னொன்றும் கேளுங்கள். மாரியில் வாவி ஏறி நின்றால் கான் சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் வடியாது. முகத்துவாரம் வெட்டும் வரை அப்படியே நிற்கும். போட்டோவில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சிலாப்பின் இரண்டு பக்கமும் கான் சுவரின் விளிம்பிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே என்று அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் சமம் என்றால் அடைப்பு இங்கே இல்லை, வாவி ஏறி நிற்குது அல்லது கீழே எங்கோ அடைத்திருக்கு.

கல்லடி டீச்சர்
அளந்து அனுப்பிவிட்டா. மேல்பக்கம் விளிம்பிலிருந்து 9 அங்குலத்தில் தண்ணீர், கீழ்ப்பக்கம் 19 அங்குலத்தில். 16 எட்டு நீளம். மண் ஒன்றேகால் அடி.

ஓய்வுபெற்ற ஓவசியர்
பத்து அங்குல வித்தியாசம், சந்தேகமே இல்லை, அடைப்பு அந்தச் சிலாப்பில்தான். நாற்பது அடி, இரண்டு அடி, ஒன்றேகால் அடி பெருக்கினால் நூறு கன அடி, அதாவது ஒரு கியூப். கிட்டத்தட்ட ஒரு டிரக்டர் பெட்டி. அதைக் கடிதத்தில் சொன்னால் மண்ணைக் கரையில் குவித்துவிட்டுப் போகாமல் ஏற்றிப்போக வாகனத்தோடு வருவார்கள். கரையில் விட்ட மண் ஒரே மழையில் திரும்பக் கானுக்குள்தான். இதோ:

> மாநகர ஆணையாளர்,
> மாநகர சபை.
>
> ஐயா,
>
> ………… ஒழுங்கையில் வடிகான் அடைத்திருத்தல்
>
> மேற்படி ஒழுங்கையின் கிழக்குப் பக்க வடிகான், ………… இலக்க மின்கம்பத்துக்கு முன்னால் அடைத்துள்ளது. மூடி சிலாப் ஒன்று உடைந்து கானுக்குள் விழுந்துள்ளது. அதன் மேல்பக்கம் சுமார் 40 அடி நீளத்துக்கு ஒன்றேகால் அடி உயரம் மண் படிந்துள்ளது (சுமார் ஒரு கியூப்). அவ்விடத்தில் ஒரு நீர்க்குழாய் கானைக் கடக்கிறது. ஒக்டோபர் 12 ஆம் திகதி காலை எடுத்த படம் இணைக்கப்பட்டுள்ளது.
>
> சிலாப்பை அகற்றி, மண்ணை அன்றே ஏற்றிச் சென்று, புதிய மூடி இடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> பெயர், முகவரி, தொலைபேசி, கையொப்பம்
> பிரதி: பொதுச் சுகாதாரப் பரிசோதகர்

இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வைத்திருங்கள்.

ஒலுவில் தம்பி
போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் அதிலிருந்து போய்விடும். ஆகவே திகதியைக் கடிதத்திலும் அச்சடித்த போட்டோவின் பின்பக்கத்திலும் எழுதுங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் தண்ணீரும் சேறும் ஒரே கறுப்பாகிவிடும், உடைந்த சிலாப்புக்கு நேரே பேனையால் அம்புக்குறி போடுங்கள். கேற்றும் கம்பமும் தெரியத் தள்ளி நின்று இன்னொரு படமும் எடுக்கச் சொல்லுங்கள்.

ஏறாவூர் றிஸ்வான்
குப்பை போடுகிற வீட்டுக்காரரின் பெயரையும் எழுத வேணும். போடுகிறவர்களைச் சொல்லாமல் கானை மட்டும் வழித்து என்ன பயன்?

ஓய்வுபெற்ற ஓவசியர்
போட்டோவில் அவர் இல்லையே, தம்பி. படம் காட்டாத குற்றத்தை எழுதினால் கடிதம் விசாரணைக்குப் போகும், வேலைக்குப் போகாது.

ஏறாவூர் றிஸ்வான்
விசாரணையும் வேணும்தானே. அதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கல்லடி டீச்சர்
கடிதம் அச்சடித்தாச்சு. ஒரு கேள்வி மிச்சம்: இந்தக் கான் கடைசியில் பெரிய வீதியின் மதகுக்குள்தான் விழுகுது. மதகின் வாயிலும் மண் இருப்பதாகத் தங்கச்சி சொல்றா. அதை வழிப்பது ஒழுங்கைக்காரரா, வீதிக்காரரா?

ஓய்வுபெற்ற ஓவசியர்
மதகு பெரிய வீதிக்குச் சொந்தம். வாயில் நிற்கும் மண்ணை யார் எடுப்பது என்று இரண்டு பக்கமும் இழுபடுவதைக் கண்டிருக்கிறேன். மதகின் மேல் நின்று ஒரு படம் எடுத்துப் போடச் சொல்லுங்கள், மண் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கு என்று பார்ப்போம்.