கோஹார்ட் டேபிளில் ரிடென்ஷன் ஏறுகிறது, உண்மையில் ஏறவில்லை: எப்படிப் பிரிப்பது?

வணக்கம். வேலூரில் வீட்டுச் சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப். முதலீட்டாளருக்கான பிளானில் "ரிடென்ஷன் கூடுகிறது" என்று எழுத கோஹார்ட் டேபிள் போட்டோம். முதல் ஆர்டர் வந்த மாதம்தான் கோஹார்ட். அவரவர் முதல் ஆர்டரிலிருந்து எண்ணி 8வது வாரத்தில் ஒரு ஆர்டராவது போட்டவரைத்தான் தங்கியவர் என்று கணக்கிடுகிறோம்.

ஜனவரியில் சேர்ந்த 400 பேரில் 68 பேர் தங்கினார்கள், 17%. ஏப்ரலில் சேர்ந்த 400 பேரில் 116 பேர், 29%. பார்க்க நல்ல ஏற்றம். ஆனால் சி.எம்.சி.க்குச் சிகிச்சைக்கு வந்து லாட்ஜில் தங்குபவர்களைத் தனியே எடுத்தால் கதையே வேறு. இரண்டு மாதத்திலும் உள்ளூர்க்காரர்களின் ரிடென்ஷன் 45%, வெளியூர்க்காரர்களின் ரிடென்ஷன் 5%. ஜனவரியில் உள்ளூர் 120 பேர்தான், ஏப்ரலில் 240. கூடியது உள்ளூர் ஆட்களின் பங்கு மட்டுமே, ஆப் மேம்படவில்லை. இதை மறைத்து எழுத எங்களுக்கு மனமில்லை.

முதல் ஆர்டரின் டெலிவரி முகவரியை வைத்துத்தான் பிரித்தோம். நீண்ட சிகிச்சைக்கு வந்தவர்கள் சாயிநாதபுரம் பக்கம் வீடு எடுத்துத் தங்குவதால் உள்ளூர் பட்டியலில் விழுகிறார்கள். மொபைல் நம்பர் எந்த மாநில டெலிகாம் வட்டத்தைச் சேர்ந்தது என்று பார்த்தோம். நம்பர் போர்ட் செய்தவர்கள், வேலைக்கு வந்து இங்கேயே குடியேறியவர்கள் எல்லாம் குழப்புகிறார்கள். எத்தனை வாரம் ஆர்டர் வந்தது என்று பார்த்துப் பிரிப்பதும் சரிவராது. தங்கியவரைத்தான் உள்ளூர் என்போம், பிறகு உள்ளூர்க்காரர் தங்குகிறார் என்று காட்டுவோம். அது வட்டத்தில் சுற்றும் வாதம்.

முதல் ஆர்டர் நேரத்திலேயே கிடைக்கும் எந்தத் தகவலை வைத்து இந்த இரு பிரிவையும் பிரித்தால் முதலீட்டாளர் கேள்விக்கு நிற்கும்?