உப்பு விளக்கு எரியவில்லை என்பதால் உப்பு இருக்கிறது என்று நம்பினோம்

மியூனிக்கில் இருந்து:
வாடகை வீட்டிலேயே டிஷ்வாஷர் இருந்தது. பலகை முழுக்க ஜெர்மன், கையேடு இல்லை. படங்களைப் பார்த்துப் பழகிக்கொண்டேன். பாத்திரப் படம் என்றால் எண்ணெய்ச் சட்டிக்கு 70 டிகிரி, கண்ணாடிக் கோப்பை என்றால் 40. மின்சாரம் மிச்சப்படுத்தும் ஈக்கோ ஓட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒன்றையொன்று துரத்தும் இரண்டு வளைந்த அம்புகள் உப்புக்கு, நட்சத்திரம் போன்றது கடைசி அலசலில் சேரும் திரவத்துக்கு. இதைப் பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

தீர்ந்துபோனால் எரிய வேண்டிய அந்த இரண்டு விளக்கும் எரியவே இல்லை. எல்லாம் நிறைந்திருக்கிறது என்று எட்டு மாதம் ஓட்டினோம். அதற்குள் எவர்சில்வர் டம்ளர்கள் மாவு தடவியது போல ஆகிவிட்டன. அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பியவை என்பதால் மனசே ஆறவில்லை. ஒரு டம்ளரில் வினிகர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தேன். வினிகர் பட்ட இடம் வரை பளிச்சென்று ஆனது, அதற்கு மேலே வெள்ளை அப்படியே இருந்தது. சுண்ணாம்புதான் என்று புரிந்தது. தண்ணீரின் சுண்ணாம்பு படியாமல் இருக்கத்தானே மெஷினில் உப்பு போடுவது, அப்படியானால் உப்பு விளக்கு ஏன் எரியவில்லை?

ஷ்டுட்கார்ட்டில் இருந்து:
அக்கா, நீங்கள் போடும் சோப்பு மாத்திரையிலேயே உப்பு, அலசும் திரவம் எல்லாம் இருக்கும். விளக்கைப் பார்க்கவே வேண்டாம். நான் ஆறு வருஷமாக உப்பே போட்டதில்லை.

பழுதுபார்ப்பு வேலையில் இருந்தவர்:
தம்பி சொல்வது அவர் வீட்டுத் தண்ணீருக்குச் சரியாக இருக்கலாம். தண்ணீரில் சுண்ணாம்பு கூடக் கூட அதன் கடினம் கூடும், அதை இங்கே ஜெர்மன் டிகிரியில் அளப்பார்கள். அந்த மாத்திரைகள் பெரும்பாலும் 21 டிகிரி வரைதான் தாங்கும். அதற்குள்ளும் குறைந்த நேர ஓட்டத்தில் மாத்திரை முழுதாகக் கரையாமல் போவதுண்டு.

உங்கள் வீட்டில் நடந்தது வேறு என்று நினைக்கிறேன் அம்மா. முன்பு இருந்தவர் மாத்திரை போதும் என்று கடின அளவை பூஜ்யத்தில் வைத்திருப்பார். பல மெஷின்களில் அப்படி வைத்தால், உப்பைக் கொண்டு தண்ணீரை மென்மையாக்கும் பகுதி வேலை செய்யாது, உப்பு விளக்கும் எரியாது. தொட்டி காலியாக இருந்தாலும் எரியாது. திரையில் H00 என்று வருகிறதா பாருங்கள். அந்த அளவை மாற்றும் இடத்துக்குப் போகும் வழி மாடலுக்கு மாடல் மாறும். கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை வைத்துக் கையேட்டைத் தேடுங்கள்.

மியூனிக்கில் இருந்து:
H00-தான் ஐயா! இங்கே தண்ணீர் சுமார் 16 டிகிரி, 'கடினம்' வகை. கையேட்டு அட்டவணையில் 13 முதல் 16 வரை H04. அதை வைத்ததும் அம்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததில் அவ்வளவு நிம்மதி.

கீழ்க்கூடையை எடுத்து, அடியில் இருந்த திருகுமூடியைத் திறந்தேன். முதல் தடவை என்பதால் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, புனல் வைத்து டிஷ்வாஷர் உப்பைக் கொட்டினேன். ஒன்றரைக் கிலோ பை ஏறக்குறைய முழுதும் போனது. உப்புத்தண்ணீர் வழிந்து உள்ளே பரவியது. விளக்கு உடனே அணையவில்லை. இரண்டு ஓட்டத்துக்குப் பிறகே அணைந்தது.

பழுதுபார்ப்பு வேலையில் இருந்தவர்:
தண்ணீர் வழியத்தான் செய்யும். ஆனால் வழிந்த உப்பை விட்டுவைத்தால் எஃகு அரிக்கும், அதனால் மூடியை இறுக்கிவிட்டு உடனே ஒரு ஓட்டம் விட வேண்டும். சமையல் உப்பு கூடாது, அதில் அயோடினும் கட்டிதட்டாமல் இருக்கச் சேர்ப்பவையும் உண்டு.

டோர்ட்முண்டில் இருந்து:
என் கதை மோசம். அந்த மூடியைத் திறந்து சோப்புத் தூளைக் கொட்டிவிட்டேன். படத்தைப் படித்திருந்தால் தப்பித்திருக்கலாம். மென்மையாக்கும் பகுதியே கெட்டு, மாற்ற வேண்டியதாயிற்று. தூள் போகும் இடம் கதவில் இருக்கும் பெட்டி மட்டும்தான், தயவுசெய்து மறக்காதீர்கள்.

மியூனிக்கில் இருந்து:
அய்யோ. எனக்கு நட்சத்திரத்தில் வேறு பிரச்சினை. திரவத்தை நிரப்பிய பிறகு கண்ணாடித் தம்ளர்களில் நீலச் சாயல் தெரிகிறது.

பழுதுபார்ப்பு வேலையில் இருந்தவர்:
திரவம் அதிகம். அளவு 5-இல் இருந்தால் 3-க்குக் கொண்டுவாருங்கள். நீர்த்துளித் தடம் தெரிந்தால் மறுபடி ஒன்று ஏற்றுங்கள். மாத்திரையிலேயே திரவம் இருந்தால் இன்னும் குறைக்கலாம்.

சென்னையில் இருந்து:
எங்கள் அடுக்ககத்தில் போர்வெல் தண்ணீர். தண்ணீர் சுத்திகரிப்பான்காரர் அளந்து 900 என்றார். ஜெர்மன் டிகிரிக்கு மாற்ற 18-ஆல் வகுத்தால் 50 டிகிரி வருகிறதே, மெஷினில் உச்ச அளவு வைக்கவா?

பழுதுபார்ப்பு வேலையில் இருந்தவர்:
வகுத்தது சரி, அந்த எண்தான் வேறு. அவர் அளந்தது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றையும். சோடியமும் அதில் சேர்ந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது கால்சியமும் மக்னீசியமும் மட்டும். கடினம் காட்டும் காகிதத் துண்டு நனைத்துப் பார்த்து, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வருகிறதோ அதை வகுங்கள்.

சென்னையில் இருந்து:
துண்டுகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கோடையில் டேங்கர் தண்ணீரும் கலக்கிறது. எந்த மாதத்து அளவை வைப்பது என்றுதான் புரியவில்லை.